ஒரு கையில் 150, மறு கையில் 90

துணி துவைத்து உதறினால் இடது கை கடுத்து ஓய்ந்துபோகிறது. சற்று ஓய்வு கொடுத்தால் வலி விடுகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் 24 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சில மாதங்களாகவே அவருக்கு லேசான காய்ச்சல், உடல் அசதி, எடைக் குறைவு. இடது கையில் பிரஷர் பார்க்கிறார்கள்: 90/60. குறைவுதான், நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வலது கையிலும் பட்டையைச் சுற்றியிருந்தால் 150/95 என்று காட்டியிருக்கும்.

பொய் சொன்னது இடது கைதான். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவரும் அதன் பெரிய கிளைகளின் சுவரும் அழற்சியால் தடித்துக் குறுகும் நோய் இது. தகாயாசு நோய் என்பார்கள். பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களையே பிடிக்கிறது. காரை எலும்புக்கு அடியில் ஓடும் தமனி குறுகியதும் அந்தப் பக்கத்து மணிக்கட்டில் நாடி மெலிகிறது, சிலருக்கு அற்றே போகிறது. சிறுநீரகத் தமனியும் குறுகிவிட்டால் உடலின் உண்மையான ரத்த அழுத்தம் எகிறும். அடைபட்ட கையோ அதை மறைத்துவிடும். இரு கைகளும் அடைபட்டவர்களுக்குத் தொடையில்தான் அளக்க வேண்டியிருக்கும்.

கண் மருத்துவர் மிகிடோ தகாயாசு 1908-இல் பதிவு செய்தது 21 வயதுப் பெண்ணின் விழித்திரையில் கண்ட விநோத ரத்தக்குழாய் வளையத்தை. அதே போன்ற கண் கோளாறு உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்று சொன்னவர்கள் வேறு இரு ஜப்பானிய மருத்துவர்கள்.

இரு கைகளுக்கும் மேல் அளவில் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். 20-ஐத் தொட்டால், அதுவும் இளம்பெண்ணுக்கு என்றால், சும்மா விடக் கூடாது. காரை எலும்புக்கு மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் குறுகிய குழாயில் ரத்தம் சீறும் ஒலி கேட்கலாம். ஈ.எஸ்.ஆர். அளவு சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ரத்தக்குழாய் ஸ்கேன்தான் சுவரைக் காட்டும்.

சிகிச்சை ஸ்டீராய்டில் தொடங்குகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் பிரட்னிசோலோன். காய்ச்சலும் அசதியும் விரைவிலேயே தணியும். பிறகு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, ஓராண்டுக்குள் 10 மில்லிகிராமுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். குறைக்கும்போதுதான் நோய் அடிக்கடி திரும்பித் தலைகாட்டும். அதனால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை ஆரம்பத்திலேயே சேர்க்கிறார்கள். கருத்தரிக்க விரும்பும் பெண் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து கருவுக்கு ஆகாது.

முகம் ஊதுகிறது, எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று பயந்து பலர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடலில் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒன்றை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். தழும்பேறிக் குறுகிவிட்ட குழாயை விரிக்காது. உடம்பு தேறியும் நாடி திரும்பாமல் இருக்கலாம். பலூன் வைத்து விரிப்பதோ பைபாஸ் செய்வதோ தேவைப்பட்டால், முடிந்தவரை அழற்சி அடங்கிய பிறகே செய்கிறார்கள்.

அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போகும்போது இரு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால், எந்தக் கையில் எவ்வளவு என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.