கறவை மாட்டின் தீவனக் கணக்கு

கறவை மாடு தின்னும் தீவனத்துக்கு இரண்டு செலவுகள் காத்திருக்கின்றன. முதலாவது உடல் பராமரிப்பு. மூச்சுவிடுதல், செரித்தல், உடல் வெப்பத்தைக் காத்தல் ஆகியவை பால் கொடுக்காத நாளிலும் நடந்தாக வேண்டும். இரண்டாவது பால். முதல் செலவு மாட்டின் எடையைப் பொறுத்தது. இரண்டாவது பாலின் அளவையும் அதிலுள்ள கொழுப்பையும் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் அன்றாடத் தேவை கிடைத்துவிடும்.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் ஜெர்சி கலப்பினப் பசு. மூன்றாம் ஈற்று, நாளொன்றுக்கு 10 லிட்டர் பால், பாலில் 4.5 சதவீதம் கொழுப்பு.

எரிசக்தியை அளக்க டி.டி.என். எனப்படும் 'மொத்தச் செரிக்கும் சத்து' பயன்படுகிறது. தீவனத்தில் செரிக்கக்கூடிய புரதம், நார்ப்பொருள், மாவுப்பொருள், கொழுப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. கொழுப்பில் எரிசக்தி மிகுதி என்பதால் அதை மட்டும் 2.25ஆல் பெருக்கிச் சேர்ப்பார்கள். புரதத்தை அளக்கக் 'கச்சாப் புரதம்' பயன்படுகிறது. தீவனத்திலுள்ள நைட்ரஜனைக் கண்டறிந்து 6.25ஆல் பெருக்கினால் வருவது இது. கீழே வரும் தேவை அளவுகள் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1989இல் வெளியிட்ட அட்டவணையைத் தழுவியவை.

எடையும் பராமரிப்பும்

எடைமேடை இல்லாத இடத்தில் அளவு நாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு. தோள்பட்டை முனையிலிருந்து பிட்ட எலும்பின் முனை வரை நீளவாக்கில் இன்னோர் அளவு. இரண்டும் அங்குலத்தில் இருக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். நம் பசுவின் சுற்றளவு 67 அங்குலம், நீளம் 59 அங்குலம்:

67 × 67 × 59 ÷ 660 = 401

இதை 400 கிலோ என்று கொள்ளலாம்.

எடை இரு மடங்கானால் பராமரிப்புத் தேவையும் இரு மடங்காகிவிடாது. உடல் பெரிதாகப் பெரிதாக, ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் எரிசக்தி குறைகிறது. மாக்ஸ் கிளைபர் 1932இல் பல்வேறு விலங்குகளின் அளவுகளை ஒப்பிட்டு, இச்செலவு எடையின் முக்கால் அடுக்கை ஒட்டிச் செல்கிறது என்று காட்டினார். முக்கால் அடுக்கைக் காண்பது கடினமன்று. எடையை மூன்று முறை எழுதிப் பெருக்கி, விடைக்கு வர்க்கமூலம் கண்டு, அதற்கு மீண்டும் ஒரு வர்க்கமூலம் காண வேண்டும். 400 × 400 × 400 என்பது 6 கோடியே 40 லட்சம். அதன் வர்க்கமூலம் 8,000. அதற்கும் வர்க்கமூலம் கண்டால் 89.4. இந்த அலகு ஒன்றுக்கு 35 கிராம் டி.டி.என். வேண்டும். ஆக, பராமரிப்புக்கு 3.13 கிலோ. இதே முறையில் 300 கிலோ பசுவுக்கு 2.52 கிலோவும், 500 கிலோ பசுவுக்கு 3.70 கிலோவும் வரும்.

பராமரிப்புக்கான கச்சாப் புரதம் 400 கிலோ பசுவுக்கு 318 கிராம். இந்த எடைக்கு மேல் 50 கிலோ கூடும்போது சுமார் 23 கிராம் கூடும்.

பசுவின் வயதும் வாழ்முறையும் இந்த அளவை மாற்றும். முதல் ஈற்றுப் பசு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பராமரிப்புத் தேவையில் 20 சதவீதமும், இரண்டாம் ஈற்றுப் பசுவுக்கு 10 சதவீதமும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கொட்டகையில் கட்டித் தீனி போடப்படும் மாட்டைவிட மேய்ச்சலுக்குப் போகும் மாடு அதிகம் நடக்கிறது. நல்ல புல்வெளியானால் 10 சதவீதமும், புல் தேடி அலைய வேண்டிய தரிசானால் 20 சதவீதம் வரையும் கூட்டுவது வழக்கம். எடுத்துக்காட்டிலுள்ள பசு மூன்றாம் ஈற்று, கொட்டகையிலேயே நிற்பது. எனவே அதற்குக் கூடுதல் எதுவுமில்லை.

பாலும் கொழுப்பும்

பாலை லிட்டரில் அளந்தாலும் கணக்கில் கிலோவே வரும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ, 10 லிட்டர் 10.3 கிலோ. அடுத்ததாக, கொழுப்பு மிகுந்த பாலையும் குறைந்த பாலையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். பாலின் எரிசக்தியில் பெரும்பங்கு கொழுப்பில் இருப்பதால், 3 சதவீதக் கொழுப்புள்ள ஒரு கிலோவையும் 5 சதவீதக் கொழுப்புள்ள ஒரு கிலோவையும் சமமாக எண்ண முடியாது. எல்லாப் பாலையும் 4 சதவீதக் கொழுப்புள்ள பாலாக மாற்றிக் கணக்கிடும் முறையை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கெய்ன்ஸ் 1920களில் வகுத்தார். கொழுப்புச் சதவீதத்தை 0.15ஆல் பெருக்கி 0.4ஐக் கூட்டினால் ஒரு பெருக்கெண் கிடைக்கும்.

0.15 × 4.5 + 0.4 = 1.075
10.3 × 1.075 = 11.07 கிலோ

இப்படிச் சரிசெய்த பால் ஒரு கிலோவுக்கு 322 கிராம் டி.டி.என்.னும் 90 கிராம் கச்சாப் புரதமும் தேவை. ஆகவே நம் பசுவின் பாலுக்கு 3.56 கிலோ டி.டி.என்., 996 கிராம் புரதம். பராமரிப்பையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 6.69 கிலோ டி.டி.என்., 1,314 கிராம் கச்சாப் புரதம்.

எந்த அளவீட்டில் கவனம் கூடுதலாக வேண்டும் என்பதும் இங்கே தெரிகிறது. மார்புச் சுற்றளவை ஓர் அங்குலம் கூட்டி அளந்துவிட்டால் எடை 12 கிலோ கூடும், ஆனால் டி.டி.என். தேவையில் வரும் பிழை சுமார் 70 கிராம்தான். கொழுப்பை 4.5க்குப் பதிலாக 3.5 என்று எடுத்துக்கொண்டாலோ பிழை அரைக் கிலோவை எட்டிவிடும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வேளை மட்டும் பார்த்த கொழுப்பை நம்பாமல், காலை, மாலை என இரு வேளைப் பாலின் அளவையும் கொழுப்பையும் சில நாள்களுக்குச் சேர்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

தேவையிலிருந்து தீவனத் தொட்டிக்கு

அடர்தீவனத்தைக் கடைசியாகவே கணக்கிட வேண்டும். வீட்டில் விளையும் பசுந்தீவனமும் வைக்கோலும் எவ்வளவு சத்தைத் தருகின்றன என்று முதலில் பார்த்து, எஞ்சும் பற்றாக்குறையை மட்டும் அடர்தீவனத்தால் நிரப்ப வேண்டும்.

கம்பு நேப்பியர் புல் 25 கிலோ, வைக்கோல் 3 கிலோ எனக் கொள்வோம். ஈரம் போக, புல்லில் 5 கிலோ உலர்பொருள் இருக்கும். அதிலிருந்து சுமார் 2.75 கிலோ டி.டி.என்.னும் 450 கிராம் புரதமும் கிடைக்கும். வைக்கோல் தருவது 1.13 கிலோ டி.டி.என்., 95 கிராம் புரதம். இரண்டும் சேர்ந்து 3.88 கிலோ டி.டி.என். ஆகிவிட்டது, 2.81 கிலோ குறைகிறது. 70 சதவீதம் டி.டி.என்.னும் 20 சதவீதம் புரதமும் உள்ள அடர்தீவனம் 4 கிலோ வைத்தால் இந்தக் குறை தீரும். அந்த 4 கிலோவில் 800 கிராம் புரதம் உண்டு. மொத்தப் புரதம் 1,345 கிராம் ஆகித் தேவையைச் சற்றே தாண்டுகிறது.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, இவ்வளவையும் மாடு தின்னுமா என்பது. மொத்த உலர்பொருள் 11.3 கிலோ, அதாவது உடல் எடையில் 2.8 சதவீதம். கலப்பினப் பசு 3 சதவீதம் வரை தின்னும் என்பதால் இது அடங்கும்.

உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்பது பலரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. அதன்படி இதே பசுவுக்கு 5.5 கிலோ வைக்க வேண்டும். பசும்புல்லே இல்லாமல் 7 கிலோ வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டுக்கு இந்த 5.5 கிலோ ஏறக்குறையப் பொருந்துகிறது: மொத்தம் 6.5 கிலோ டி.டி.என்., 1,320 கிராம் புரதம். வைக்கோலை நம்பிய தொழுவத்துக்கு ஏற்ற கணக்கு அது. 25 கிலோ புல் போடும் இடத்திலும் அதையே பின்பற்றினால் நாள்தோறும் ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் தேவைக்கு மேல் போகிறது.

பிழை எப்படித் தெரியும்

எரிசக்தி குறைந்தால் பால் உடனே குறைந்துவிடாது. மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துப் பாலைத் தாக்குப்பிடிக்கும். ஒரு கிலோ உடல் எடை கரைந்தால் சுமார் 2.17 கிலோ டி.டி.என்.னுக்கு ஈடான எரிசக்தி கிடைக்கிறது. எடுத்துக்காட்டிலுள்ள பசுவுக்கு 4 கிலோவுக்குப் பதில் 2.5 கிலோ அடர்தீவனம் மட்டும் வைத்து, பால் குறையாமலும் இருந்தால், நாளுக்கு அரைக் கிலோ, மாதத்துக்கு 15 கிலோ அளவுக்கு எடை இறங்கும். விலா எலும்புகளும் இடுப்பு எலும்பு முனைகளும் துருத்தத் தொடங்குவதும், கன்று ஈன்று இரண்டு மூன்று மாதங்களாகியும் பருவத்துக்கு வராததும் இதன் அறிகுறிகள். புரதம் குறைந்தால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தளர்ந்து, நார்த்தீவனம் செரிப்பது மந்தமாகி, தீனி எடுப்பதும் பாலும் குறையும். புரதம் கூடினால் மிகுதி யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதன் விலை வீணாவதோடு, யூரியாவாக்கும் வேலைக்கே எரிசக்தியும் செலவாகிறது.

கன்று ஈன்ற தொடக்கத்தில் இந்தக் கணக்கு முழுதாகக் கைகொடுக்காது. பால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது; தீனி எடுக்கும் அளவு அதற்குச் சில வாரங்கள் பின்னரே உச்சம் அடைகிறது. இடைப்பட்ட காலத்தில் ஓரளவு எடை இறங்குவது இயல்பு. அதை அடர்தீவனத்தைத் திடீரெனக் கூட்டி ஈடுகட்ட முயன்றால் முதல் இரைப்பையில் அமிலம் மிகுந்து, சாணம் இளகி, பாலில் கொழுப்பும் இறங்கும். படிப்படியாகக் கூட்டுவதே வழி.

அதிகப் பாலிலும் ஓர் எல்லை உண்டு. இதே பசு 15 லிட்டர் கறந்தால் டி.டி.என். தேவை 8.48 கிலோ. புல்லையும் வைக்கோலையும் அப்படியே வைத்துக்கொண்டால் அடர்தீவனம் 6.6 கிலோ வேண்டும், உலர்பொருள் 13.6 கிலோவாகி உடல் எடையில் 3.4 சதவீதத்தைத் தொடும். அவ்வளவு தின்ன மாட்டுக்கு வயிற்றில் இடமிராது. அந்நிலையில் வைக்கோலைக் குறைத்து, தீவன மக்காச்சோளம் போன்ற சத்துச் செறிவான பசுந்தீவனத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தேவை அளவுகளும் காலத்துக்கேற்பத் திருத்தப்படுகின்றன. அமெரிக்க நூலின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு, பராமரிப்புக்கான நிகர எரிசக்திக் குணகத்தை 0.08இலிருந்து 0.10ஆக உயர்த்தியது. அதில் தீவனங்களின் எரிசக்தி மதிப்பைக் காணும் முறையும் மாறியிருப்பதால், தேவையை ஒரு பதிப்பிலிருந்தும் தீவன மதிப்பை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கலக்கக் கூடாது. எந்த அட்டவணையைப் பின்பற்றினாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எடை, பால், கொழுப்பு மூன்றையும் மீண்டும் அளந்து அடர்தீவனத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். எடை ஏறிக்கொண்டே போய்ப் பால் கூடாவிட்டால் அரைக் கிலோ குறைத்துப் பார்க்கலாம். கறவை நடுப்பகுதியிலும் எடை இறங்கிக்கொண்டே போனால் அரைக் கிலோ கூட்டலாம்.