‘ஒத்திவைப்பு’ என்று கட்டுநர் எழுதினால்

அடுக்குமாடி வீடு வாங்க வீட்டுக்கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒருவருக்குக் கட்டுநரிடமிருந்து பணிநிலை அறிக்கை வருகிறது எனக் கொள்வோம். அதில் மூன்று வரிகள்: “லிஃப்ட் பொருத்தும் பணி ஒத்திவைக்கப்பட்டுள்ளது. வெளிப்பூச்சுக்கு மறு கால அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது. ஆறாம் தளத்துக் கான்கிரீட் பணியில் தேக்கம் நிலவுகிறது.” மூன்றையும் ‘தாமதம்’ என்றே பலரும் வாசிப்பர். ஆயினும் மூன்றும் வெவ்வேறு செய்திகள்.

ஒத்திவைப்பு என்பது தொடங்காத பணியைப் பின்னொரு நாளுக்கு மாற்றும் முடிவு. தமிழில் இச்சொல்லுக்கு ஓர் இடர் உண்டு: நீதிமன்றம் அடுத்த தேதியிட்டு வழக்கை ஒத்திவைக்கிறது, நாடாளுமன்றமோ தேதி குறிப்பிடாமலும் ஒத்திவைக்கப்படுகிறது. ஆகவே இச்சொல்லின் அருகில் தேதி உள்ளதா என்பதையே முதலில் நோக்க வேண்டும். மறு கால அட்டவணை எனில், ஒன்றையொன்று சார்ந்த பணிகள் அனைத்துக்கும் புதிய நாள்கள் இருக்க வேண்டும். வெளிப்பூச்சின் நாளை மாற்றிவிட்டு, ஒப்படைக்கும் நாளை மட்டும் பழையபடியே காட்டும் அட்டவணை ஐயத்துக்குரியது.

மூவற்றுள் தேக்கமே கவலைக்குரியது. அது எவரும் எடுத்த முடிவன்று. தொடங்கிய பணி நின்றுவிட்ட நிலை. ஆறாம் தளம் நின்றால் அதற்கு மேலுள்ள தளங்களும் நிற்கும். காரணம் சிமென்ட்டா, ஒப்பந்ததாரரா, பணமா என்று எழுத்தில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

இச்சொற்களுக்கு ரூபாயிலும் மதிப்பு உண்டு. ரூ.40 லட்சம் கடனில் ரூ.24 லட்சம் இதுவரை விடுவிக்கப்பட்டிருப்பின், 8.5 சதவீத வட்டியில் மாதம் ரூ.17,000 செலுத்த நேரும். அசல் சிறிதும் குறையாது. ஆறு மாதத் தேக்கத்துக்கு இது ரூ.1,02,000, குடியிருக்கும் வீட்டின் வாடகை வேறு. வங்கி, கட்டுமான நிலைக்கேற்பவே அடுத்த தவணையை விடுவிப்பதால், எஞ்சிய தொகைக்கு வட்டி ஏறாது என்பது சிறு ஆறுதல்.

கட்டுநர் தம் அறிக்கையில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள தேதி அதனால் மாறிவிடாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016-இன் 18-ஆம் பிரிவு அந்தத் தேதியையே கணக்கில் கொள்கிறது. அத்தேதிக்குள் வீடு ஒப்படைக்கப்படாவிடில், வாங்குபவர் விலகிச் செலுத்திய தொகையை வட்டியுடன் திரும்பப் பெறலாம்; விலக விரும்பாவிடில், ஒப்படைக்கும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கோரலாம்.

அச்சட்டப்படி பதிவு பெற்ற திட்டத்தின் நிலையை, மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கட்டுநர் பதிவேற்ற வேண்டும். கடிதத்தில் ‘ஒத்திவைப்பு’ என்றிருக்கும் பணி, இணையதளத்தில் இரண்டு காலாண்டுகளாக ஒரே சதவீதத்தில் நின்றிருந்தால், அதன் சரியான பெயர் தேக்கம். அவ்வாறாயின் இரு பதிவுகளின் நகலையும் இணைத்துக் கட்டுநருக்குக் கடிதம் எழுதி, அதன் படியொன்றைக் கடன் வழங்கிய கிளைக்கும் அளிப்பது நன்று. அடுத்த தவணையை விடுவிக்குமுன் பொறியாளர் எதைப் பார்வையிட வேண்டும் என்பது கிளைக்குத் தெரிந்திருக்கும்.