பத்து கட்டம், ஒரு ஜூஸ்

எங்கள் தெருமுனை ஜூஸ் கடைத் தம்பி, கார்டு அடிக்க வேண்டுமென்று என் அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச்சீட்டு: "10 ஜூஸ் வாங்கினால் 1 இலவசம்."

டீ சொல்லிவிட்டு உட்கார வைத்தேன். "தம்பி, பத்தாவது இலவசமா, பதினொன்றாவதா?" யோசித்தார். வாங்க வருகிறவர் பத்தாவது என்றுதான் நினைப்பார். அந்த ஒரு கிளாஸுக்காகக் கல்லா முன்னால் வாக்குவாதம் வரும். அதனால் எண்ணிக்கையை எழுத்தில் விடாமல் கட்டத்தில் காட்ட வேண்டும். பத்து கட்டம் போட்டு, அவற்றை அடுத்துப் பெரிதாக ஒரு கிளாஸ் படம். பத்தும் நிறைந்தால் அது அவருக்கு.

அந்தப் பத்தில் முதல் இரண்டுக்குக் கார்டு கொடுக்கும்போதே சீல் குத்திவிடச் சொன்னேன். "அதுக்கு எட்டு கட்டமே போடலாமே அண்ணே?" என்றார். கணக்கு ஒன்றுதான், மனசு வேறு. அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் இடத்தில் நூனஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 300 கார்டு கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வெற்றுக் கட்டம். மீதிப் பேருக்குப் பத்துக் கட்டத்தில் இரண்டு சீல். எட்டுக் கட்டக் கார்டை முடித்தவர்கள் நூற்றுக்கு 19 பேர், மற்றதை முடித்தவர்கள் 34 பேர். 2006இல் வெளியான ஆய்வு. தொடங்கியதைப் பாதியில் விடச் சிலருக்கு மனசு வராது.

அடுத்தது, எந்த ஜூஸ் இலவசம்? அவர் கடையில் எலுமிச்சை 20, சாத்துக்குடி 50, மாதுளை 100 ரூபாய். எட்டு எலுமிச்சை குடித்தவர் மாதுளை கேட்டால், 160 ரூபாய் வியாபாரத்துக்கு 60 ரூபாய்ப் பழம் போய்விடும். எட்டும் சாத்துக்குடி, இலவசமும் சாத்துக்குடி என்றால் 400 ரூபாய்க்கு 25 ரூபாய்ப் பழம்தான். அது தாங்கும்.

உடனே அவர், "50 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சீல்" என்று எழுதினார். சாத்துக்குடி சரியாக 50 ரூபாய் ஆயிற்றே, அது "மேல்" ஆகுமா? அதிகம் விற்கும் ஜூஸே வெளியே நின்றுவிடும். டீ ஆறுவதற்குள் இப்படி மாற்றி எழுதினோம்:

"50 ரூபாய் அல்லது அதற்கு மேல் விலையுள்ள ஒவ்வொரு ஜூஸுக்கும் ஒரு சீல். பத்துக் கட்டமும் நிறைந்தால் 50 ரூபாய் வரையிலான ஜூஸ் ஒன்று இலவசம். அதைவிட விலை கூடிய ஜூஸ் வேண்டுமென்றால் மீதியை மட்டும் கொடுங்கள். கார்டு வாங்கிய நாளிலிருந்து 3 மாதம் செல்லும். நாள்: ........"

நட்சத்திர சீல் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால், கடைப் பெயரிலேயே சின்னதாக ஒன்று செய்யச் சொன்னேன். கார்டு வழவழப்பாக வேண்டாம், ஈரக்கையில் மை கலையும்.

முதலில் நூறு மட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். தம்பி, கொடுக்கும்போது அந்த நாளை மட்டும் எழுத மறந்துவிடாதீர்கள்.