இரண்டு நாள் பிடித்தம்: மனிதவளத் துறைக்கு என்ன எழுதுவது?

மாதச் சம்பளம் 30,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் எடுத்த இரண்டு நாள் விடுப்புக்கு மேலாளர் ஒப்புதல் தந்துவிட்டார். ஆனாலும் சம்பளச் சீட்டில் அது சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகி, 2,000 ரூபாய் குறைந்திருக்கிறது.

வங்கிக் கணக்கைப் பார்த்தால் குறைவது 1,880 ரூபாய்தான். பலரும் அதை மட்டும் கேட்டுவிடுகிறார்கள். மீதி 120 எங்கே? அடிப்படைச் சம்பளம் 14,000 ஆகிவிட்டதால், அதில் 12 சதவீதமான பி.எஃப். பிடித்தம் 1,800-லிருந்து 1,680 ஆகிவிட்டது. நிறுவனத்தின் பங்கிலும் அதே 120 குறையும். அது கைக்கு வரும் தொகையில் தெரியவே தெரியாது. அதனால் கடிதத்தில் மொத்தத் தொகையையே கேட்க வேண்டும்:

"வணக்கம். என் ஜூன் சம்பளச் சீட்டில் 12, 13 தேதிகள் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகியுள்ளன. இவை ஒப்புதல் பெற்ற ஈட்டிய விடுப்பு நாட்கள். மொத்தச் சம்பளம் 30,000-க்குப் பதில் 28,000 என உள்ளது. விடுப்புப் பதிவைத் திருத்தி, 2,000 ரூபாயை ஜூலைச் சம்பளத்தில் நிலுவையாகச் சேர்த்து, இரு தரப்பு பி.எஃப். வித்தியாசமான தலா 120 ரூபாயையும் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பளச் சீட்டும் ஒப்புதலும் இணைப்பில் உள்ளன."

பொருள் வரியில் பணியாளர் எண்ணும் மாதமும் இருக்கட்டும். ஜூலைச் சீட்டில் நிலுவை தனி வரியாக வந்திருக்கிறதா, பி.எஃப். பாஸ்புக்கில் வித்தியாசம் ஏறியிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். முதலாவது சரியாகி இரண்டாவது விடுபடுவதுண்டு.