முப்பது விளக்குக்கு ஒரு மின்னஞ்சல்

“விளக்கெல்லாம் அனுப்பிட்டேன் தம்பி, பளிச்சுன்னு எடுத்துக் குடுங்க.” இணையத்தில் குத்துவிளக்கு விற்கத் தொடங்கும் கடைக்காரர் புகைப்படக்காரருக்குச் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். பத்து நாள் கழித்து அழகழகான படங்கள் வரும். கருநீலப் பட்டுத்துணி பின்னால் தொங்க, சுடர் எரிய, பக்கத்தில் மல்லிகைச் சரம் கிடக்கும். அவற்றில் ஒன்றைக்கூட விற்பனைப் பக்கத்தின் முதல் படமாகப் போட முடியாது.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில், குத்துவிளக்குக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அங்கே வாங்கிய 10 வடிவங்களை 12, 18, 24 அங்குலம் என மூன்று அளவில் ஒரு கடை அமேசானில் ஏற்றப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 விளக்கு. படமெடுக்க வருகிறவர் கல்யாண ஆல்பம் செய்து பழகியவர். கேமராவை நன்றாகவே அறிந்தவர். அந்தத் தளத்தின் விதியும் விளக்கு வாங்குகிறவரின் சந்தேகமும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த இரண்டையும் சொல்வதுதான் கடைக்காரர் எழுதும் மின்னஞ்சலின் வேலை.

விதி சுருக்கமானது. முதல் படத்தின் பின்னணி முழு வெள்ளையாக இருக்க வேண்டும். கணினி கணக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. சட்டத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிறைக்க வேண்டும். எழுத்து, கடை முத்திரை, அலங்காரம் எதுவும் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க நீண்ட பக்கம் குறைந்தது 1,000 பிக்ஸல் வேண்டும். 2,000 கேட்டு வாங்குவது நல்லது. பெட்டியில் எது போகிறதோ அதை மட்டும்தான் காட்டலாம். எண்ணெயும் திரியும் கூடப் போகவில்லை என்றால் முதல் படத்தில் விளக்கு எரியக் கூடாது. விற்பது ஒற்றை விளக்கு என்றால் அழகுக்காக ஜோடியாக நிறுத்தவும் கூடாது. இரண்டைப் பார்த்துப் பணம் கட்டியவர் ஒன்று வந்தால் சும்மா இருப்பாரா?

“வெள்ளைப் பின்னணி” என்று மட்டும் எழுதினால் சாம்பல்தான் வரும். விளக்குக்கு அளவாக ஒளி வைத்தால் பின்னால் இருக்கும் வெள்ளைத் தாளில் அவ்வளவு வெளிச்சம் விழாது. 230, 240 என்று நின்றுவிடும். தளத்தின் பக்கமோ சுத்த வெள்ளை. அதன்மேல் படம் அழுக்குச் சதுரமாகத் தெரியும். ஆகவே தாளுக்குத் தனி விளக்கு போடச் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு வரம்பு உண்டு. பின்னொளி மிஞ்சினால் வெள்ளை கசிந்து வந்து பித்தளையின் ஓரத்தைத் தின்றுவிடும். தண்டு மெலிந்து, அன்னத்தின் அலகு காணாமல் போகும். படம் கைக்கு வந்ததும் போட்டோஷாப்பில் நான்கு மூலையையும் ஐட்ராப்பர் கருவியால் தொட்டால் 255 உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓரம் கரைந்திருக்கிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பித்தளை எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். நேராகப் பாய்ச்சிய பிளாஷ் தண்டில் வெள்ளைக் கோடாய் விழும். புகைப்படக்காரரின் சிவப்புச் சட்டை எண்ணெய்த் தட்டின் அடியில் சிவப்புத் திட்டாகத் தெரியும். இதற்காகத்தான் ஒளியை நேரே விடாமல் இரு பக்கமும் டிரேசிங் பேப்பர் திரை கட்டி அதன் வழியே விடுகிறார்கள். எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டாலும் சிக்கல்; வெள்ளைப் பின்னணியில் வெள்ளையைப் பிரதிபலிக்கும் உலோகத்துக்கு உருவமே இருக்காது. எனவே சட்டத்துக்குச் சற்று வெளியே, விளக்கின் இரு புறமும் கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்துவார்கள். அந்தக் கறுப்பு உலோகத்தின் விளிம்பில் மெல்லிய கோடாக ஓடி விளக்கை வெள்ளையிலிருந்து பிரித்துக் காட்டும். அனுபவப்பட்டவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. துணியும் நகையும் மட்டும் எடுத்தவருக்கு ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. கையுறை போட்டுத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். விரல் ரேகை பெரிதாக்கிய படத்தில் அப்படியே தெரியும்.

கோணத்துக்கு வருவோம். கேமரா தட்டின் மட்டத்தில் இருந்தால் தட்டு வெறும் கோடாகிவிடும், ஐந்து முகமும் தெரியாது. மிக மேலே போனால் அடிப்பாகம் சுருங்கி விளக்கு கவிழப்போவது போல் இருக்கும். முதல் படத்துக்குத் தட்டைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து எடுப்பது சரி. ஐந்து முகமும் திறந்து தெரிய வேண்டும், அவற்றில் ஒன்று நேராக நம்மைப் பார்க்க வேண்டும். அகலக் கோண லென்ஸ் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் போய் அதில் எடுத்தால் உச்சியிலுள்ள அன்னம் ஊதிப் பெருத்து, அடிப்பாகம் சிறுத்துப்போகும். 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸோடு தள்ளி நின்று எடுக்கட்டும்.

முழு விதியையும் ஒழுங்காகப் பின்பற்றினாலும் இந்தத் தொகுதி ஓரிடத்தில் சறுக்கும். 12 அங்குல விளக்கும் 85 சதவீதம், 24 அங்குல விளக்கும் 85 சதவீதம். வெள்ளையில் நிறுத்தினால் இரண்டும் ஒரே படம். உயரத்தை எழுத்தில் போட்டிருந்தாலும் படத்தைப் பார்த்துத்தான் மக்கள் வாங்குகிறார்கள். கோவிலில் பார்த்த உயரத்தை மனத்தில் வைத்து வாங்கியவருக்கு ஓர் அடி விளக்கு போய்ச் சேர்ந்தால் அது திரும்பி வரும். ஆகவே அளவைச் சொல்லும் படங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். மூன்று அளவும் ஒரே வரிசையில், கேமராவை நகர்த்தாமல் ஒரு படம். ஒரு கை திரியை ஏற்றுவதுபோல் இன்னொன்று. கையை வைத்தே யாரும் உயரத்தைக் கணித்துவிடுவார்கள். அடுத்தடுத்த படங்களில் எழுத்து போடலாம் என்பதால் உயரத்தையும் எடையையும் அங்கே குறிக்கலாம்.

வாங்குகிறவரின் அடுத்த சந்தேகம் கனம். தகட்டில் அடித்த பொருளா, வார்ப்பா? இதற்கு அடிப்பாகத்தைக் கவிழ்த்து விளிம்பின் தடிமன் தெரிய எடுத்த ஒரு படம் போதும். புகைப்படக்காரர் தானாக இதை எடுக்கவே மாட்டார். அடிப்புறம் அழகில்லாத இடம்தானே! தண்டு, தட்டு, உச்சி எல்லாம் திருகிப் பூட்டுபவை என்பதால் கழற்றி வைத்த பாகங்களும் ஒரு படமாக வேண்டும். பார்சல் துண்டு துண்டாக வந்ததும் “உடைந்துவிட்டது” என்று அலறும் தொலைபேசி அழைப்பு இதனால் குறையும்.

இத்தனையையும் மின்னஞ்சலில் பத்தி பத்தியாக எழுதினால் படப்பிடிப்பு நடுவில் யார் படிப்பார்கள்? விதிகளை மேலே நான்கைந்து வரியில் சொல்லிவிட்டு, மற்றதை எக்செல் தாளாக இணைப்பதே நடைமுறை. விளக்குக்கு ஒரு வரிசை, படத்துக்கு ஒரு பத்தி. எடுத்து முடித்ததும் டிக் அடித்துக்கொண்டே போகலாம். கோப்புப் பெயரையும் அதிலேயே கொடுத்துவிட வேண்டும்: `KV07-18-1.jpg` என்றால் ஏழாம் வடிவம், 18 அங்குலம், முதல் படம். இல்லாவிட்டால் `DSC_4471` என்று வரும் கோப்புகளில் எது 12, எது 24 என்று கடைக்காரர் உட்கார்ந்து ஆராய வேண்டியிருக்கும். ஒரே வடிவத்தின் மூன்று அளவையும் வெள்ளையில் வைத்துப் பிரித்தறிய அவராலும் முடியாது. விளக்கின் அடியில் எண் எழுதிய சிறு ஒட்டுத்தாளை ஒட்டி அனுப்பினால் இரு தரப்புக்கும் நிம்மதி.

இந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடலாம்: “முதலில் ஒரே ஒரு விளக்கை எல்லாக் கோணத்திலும் எடுத்து அனுப்புங்கள், நான் சரி என்று பதில் போட்ட பிறகு மற்ற 29-ஐ எடுங்கள்.” பின்னணி சாம்பலாக இருப்பது முதல் விளக்கிலேயே தெரிந்தால் ஒரு மணி நேர நஷ்டம், கடைசியில் தெரிந்தால் முப்பதையும் திரும்ப எடுக்க வேண்டும், அதற்கு யார் பணம் தருவது என்ற சண்டையும் சேரும். சொன்ன விதிக்கு மாறாக எடுத்தவை இலவசம், சொல்லாமல் விட்டதைப் பிறகு கேட்டால் தனிக் கூலி என்று முன்பே எழுதிக்கொள்வது இருவருக்கும் நியாயம்.

உரிமையைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே என்கிறது 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. படங்களைத் தன் வேலை மாதிரியாகக் காட்டிக்கொள்ள புகைப்படக்காரர் விரும்பினால் அனுமதியை இதே மின்னஞ்சலில் கொடுத்துவிடலாம். பதிலுக்கு, திருத்தாத ரா கோப்புகளும் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வேறு பின்னணி ஒட்ட நினைக்கும்போது அவைதான் தேவைப்படும்.