டிஸ்கார்டு சுட்டி எப்போது சாகும் என்று சுட்டியிலேயே எழுதியிருக்கு

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களைத் தேடிச் சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. 2024-ல் ஒரு டிஸ்கார்டு குழுவில் நண்பர் ஒருவர் டிஸ்கி எழுத்துருக்களை ஜிப் கோப்புகளாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு கோப்பின் சுட்டியையும் காப்பி பண்ணி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி வைத்தேன், இறக்கவில்லை. ரெண்டு மாசம் கழித்துத் திறந்தால் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான். அந்தச் சுட்டிகளை ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சுட்டியின் வால்பகுதி இப்படி இருக்கும்:

```
fonts.zip?ex=66f19945&is=66f047c5&hm=...
```

`is` என்பது சுட்டி கொடுக்கப்பட்ட நேரம், `ex` என்பது காலாவதியாகும் நேரம். இரண்டுமே 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள், ஹெக்ஸ் எண்ணாக. லினக்ஸில் இப்படிப் படிக்கலாம்:

```
date -d @$((0x66f19945))
```

இந்திய நேரத்தில் 2024 செப்டம்பர் 23, இரவு 10:07 என்று வரும். `is`-ஐயும் இப்படியே மாற்றினால் சரியாக முந்தின நாள் இரவு 10:07. ஆக, ஆயுள் 86,400 விநாடி, ஒரே நாள். `ex`-ஐ நாமே கூட்டிப் போட்டு ஏமாற்றலாமே என்றால் முடியாது. `hm` என்பது கையெழுத்து மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் சர்வர் ஏற்காது.

ஆனால் செத்தது சுட்டிதான், கோப்பு இல்லை. மூலச் செய்தி அழிக்கப்படாமல் இருந்தால், செயலியில் அதைத் திறந்ததும் புதுச் சுட்டி கிடைக்கும். அதனால் குறித்து வைப்பதானால் செய்தியின் சுட்டியைக் குறிக்கணும், கோப்பின் சுட்டியை இல்லை. அப்படித்தான் பெரும்பாலானதை மீட்டேன். நண்பர் அழித்துவிட்ட செய்திகளில் இருந்தவை போனது போனதுதான்.

இறக்கும்போது ரெண்டு இடத்தில் வழுக்கும்.

```
curl -f -o fonts.zip "சுட்டி"
```

மேற்கோள் குறி கட்டாயம். இல்லையென்றால் ஷெல் முதல் `&`-இலேயே சுட்டியை வெட்டிவிடும், `hm` போய்ச் சேராது, உயிருள்ள சுட்டிகூடச் செத்தது போலத் தெரியும். `-f` விட்டுப்போனால் இன்னும் மோசம்: சர்வர் தரும் 404 பிழைச் செய்தியே fonts.zip என்ற பெயரில் சேமிக்கப்படும். பார்த்தால் கோப்பு இருக்கிற மாதிரியே இருக்கும். நூறு பைட்டுக்கும் குறைவான ஜிப்பைக் கண்டால் சந்தேகப்படுங்க. நான் இப்போதெல்லாம் இறக்கின கையோடு `unzip -t fonts.zip` ஓட்டி, "No errors detected" என்று வந்த பிறகுதான் பட்டியலில் டிக் போடுகிறேன்.

தொலைந்ததில் மூன்று எழுத்துருக்கள் இன்னும் கிடைக்கவில்லை. நண்பரின் பழைய ஹார்டு டிஸ்க் ஊரில் இருக்காம், பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறேன் என்றிருக்கிறார்.