மறுமுனையில் பேச்சு வராதபோது

மணி அடிக்கிறது. எடுத்து வணக்கம் சொல்கிறீர்கள். மறுமுனையில் பேச்சே இல்லை. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தன்னார்வலர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பு இந்த முதல் சில நிமிடங்களைப் பற்றியது. அழைப்பவர் என்ன சொன்னால் என்ன பதில் சொல்வது என்று எழுதிக்கொள்ள நோட்டுடன் வந்திருப்பார்கள். அதற்கு வேறு வகுப்புகள் இருக்கின்றன.

இந்த மாதிரிச் சேவையின் ஆரம்பமே ஏறக்குறைய இப்படித்தான். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரில் வந்து அவருக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கூட உட்கார்ந்திருக்க, சில தன்னார்வலர்களை வைத்திருந்தார். வந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் கிளம்பிப் போனார்கள். அதைக் கவனித்த அவர், சீக்கிரமே வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். அப்படி உருவானதுதான் சமாரிட்டன்ஸ். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகாவும் (044-24640050) இதே வழியில் வந்தது. மருத்துவரோ ஆலோசகரோ அல்லாத ஒருவர் கூட இருந்து கேட்பதுதான் இங்கே வேலை.

நேரில் கூட இருப்பது சுலபம். எதிரில் இருப்பவர் தலையைக் குனிந்திருப்பதும், முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் தெரியும். தொலைபேசியில் அது எதுவும் கிடையாது. அதோடு, பேச்சில் இடைவெளி விடாமல் இருக்க நாம் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறோம். பத்து மொழிகளில் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரியவந்தது. இப்படிப் பழகிய காதுக்குப் பத்து நொடி மௌனம் ஒரு யுகம்போலத் தோன்றும். வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, முப்பது நொடி ஆகிவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்கச் சொல்வேன். முள் பாதி தூரம் போவதற்குள்ளேயே கைகள் எழத் தொடங்கிவிடும். அதனால் தொலைபேசிக்குப் பக்கத்தில் நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று இருக்க வேண்டும். உங்கள் படபடப்பை நம்பாதீர்கள், முள்ளைப் பாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எதிர்முனையில் சத்தம் இல்லை என்றால் "ஹலோ… ஹலோ… யாரு?" என்போம். வீட்டில் அது சாதாரணம். பெயர் சொல்லத் தேவையில்லை என்ற நம்பிக்கையில் கூப்பிட்டவருக்கோ, "யாரு?" என்பது விசாரணையாகக் கேட்கும். அவர் வைத்துவிடுவார். "சொல்லுங்கம்மா", "சொல்லுங்க சார்" என்பதும் வேண்டாம். எடுத்திருப்பது ஆணா, பெண்ணா, பள்ளிக்கூடப் பிள்ளையா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது.

வகுப்பில் இதை ஒத்திகையாகச் செய்து பார்ப்போம். அழைப்பவராக நடிக்கும் அனுபவசாலி ஒருவர் முதுகு காட்டி உட்காருவார். அவருக்குக் கொடுத்திருக்கும் கதை புதியவருக்குத் தெரியாது. கல்லூரி விடுதி மாணவி, அறைத்தோழி தூங்கிக்கொண்டிருக்கிறாள், மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறாள்.

புதியவர் எடுத்து, "வணக்கம், நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறார். பதில் இல்லை. பதினைந்து நொடி வரை அவர் ஒன்றும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் காதுக்கு வேலை உண்டு. மூச்சு கேட்கிறதா? சீராக இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா? பின்னால் டிவியா, பஸ்ஸா, வேறு யாராவது பேசுகிறார்களா? பதினைந்தாவது நொடியில் ஒரே ஒரு வாக்கியம்: "லைன்லதான் இருக்கேன். அவசரமே இல்ல." அதில் கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கடமை வந்துவிடும். இப்போது அவரால் முடியாதது அதுதான்.

அடுத்த அரை நிமிடம் கழித்து, "சில சமயம் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. எங்க வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்காமலும் இருக்கலாம்." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். புதியவர் முகம் மலர்ந்து உடனே "அழறீங்களா?" என்று கேட்கப் போகிறார். நான் கையைக் காட்டி நிறுத்துகிறேன். அழுகை அதன் போக்கில் போகட்டும். கேட்ட சத்தத்தைக் கேட்டேன் என்று சொன்னால் போதும்: "ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தோணுது. நான் இருக்கேன்." இன்னும் பேச்சு வரவில்லை என்றால், "பேச முடியாத இடத்துல இருந்தா போனை விரலால ஒரு தட்டு தட்டுங்க" என்கிறார். ஒரு தட்டு கேட்கிறது. அந்த இடத்தில்தான் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நாலு நிமிடத்துக்குப் பிறகு அந்த 'மாணவி' சொல்லும் முதல் வார்த்தை, "வெக்கப் போறீங்களா?" என்பது. "இல்ல" என்ற ஒரே சொல்தான் அதற்குப் பதில். அதன் பின்னால் விளக்கம் எதையும் ஒட்ட வேண்டாம்.

கைபேசி செய்யும் ஒரு வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பேச்சு இல்லை என்று அது முடிவு செய்தால், மெல்லிய சத்தங்களை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். விசும்பலும் பெருமூச்சும் அதில் போய்விடலாம். ஆகவே உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் பக்கமும் அதேதான். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் லைன் துண்டாகிவிட்டது என்று அவர் நினைக்கக்கூடும். மௌனத்தின் நடுவே அந்தச் சிறு வாக்கியங்கள் தேவைப்படுவது இதனால்தான். மியூட் பட்டனைத் தொடவே கூடாது.

காத்திருக்கக் கூடாத மௌனமும் உண்டு. மூச்சு இழுத்து இழுத்து வந்தாலோ, வரும் ஓரிரு சொல் குழறினாலோ, அவர் ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருக்கலாம். அப்போது சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிருக்கு ஆபத்தா ஏதாவது செஞ்சுக்கிட்டீங்களா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றோ, ஒரு தட்டோ வந்தால் 108 பற்றிப் பேசுங்கள், பொறுப்பாளரையும் உடனே கூப்பிடுங்கள். பின்னணியில் யாரோ மிரட்டும் குரல் கேட்டால் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தட்டில் பதில் சொல்லும்படி, ஆம் இல்லை என்று முடியும் கேள்விகளுக்கு மாறுங்கள்.

ஐந்தாறு நிமிடம் போயும் ஒன்றும் வரவில்லை என்றால் முடிக்கலாம், ஆனால் சொல்லிவிட்டு முடிக்க வேண்டும். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கேன். அப்புறம் வெக்கிறேன். எப்ப வேணும்னாலும் மறுபடி கூப்பிடலாம், அப்பவும் பேசணும்னு இல்ல." அந்த ஒரு நிமிடத்தில்தான் சிலருக்குப் பேச்சு வரும். எனவே வாக்குக் கொடுத்த நிமிடத்தை முழுசாகக் கொடுங்கள்.

வைத்த பிறகு பதிவேட்டில் 'பேசவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எத்தனை நிமிடம், மூச்சு எப்படி இருந்தது, தட்டு வந்ததா, யார் முதலில் வைத்தது என்று எழுதுங்கள். முதல் முறை பேசாதவர் அடுத்த நாள் அதே நேரத்தில் கூப்பிடுவது உண்டு. அப்போது எடுப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.